54 ஸ்லைடு, 60 கேள்வி, ஒரு காலண்டர்

மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸை முதல் நாளே வார்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கருத்தரங்கு அறையில், புரொஜெக்டருக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். கை கழுவும் முறை, கழிவுகளைப் பிரிக்கும் விதம், ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியது, தீப்பிடித்தால் அழைக்க வேண்டிய எண், இதயம் நின்றுபோனால் முதல் நிமிடத்தில் என்ன, நோயாளியை எப்படி அடையாளம் காண்பது என்று எல்லாமே ஒரே நாளில் ஓடி முடிந்துவிடும். மாலையில் அந்த பி.பி.டி. கோப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். “ஒரு மாசத்துல டெஸ்ட் இருக்கு, படிச்சு வச்சுக்கோங்க” என்பதோடு பயிற்சி நிறைவு பெறும்.

அதைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கைத்தான் போடுகிறார்கள். 54 ஸ்லைடு, கையில் 27 நாள், நாளுக்கு இரண்டு ஸ்லைடு. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால், இந்தக் கணக்கில் முதல் நாள் பார்த்த ஸ்லைடு மறுபடி கண்ணில் படவே படாது. தேர்வு நாளில் கடைசி வாரம் படித்தது ஞாபகத்தில் இருக்கும். முதல் வாரம் படித்தது எங்கேயோ பார்த்த முகம் போலத் தெரியும், பெயர் வராது. இது பாடத்தைப் பங்கு போடும் அட்டவணை. நமக்கு வேண்டியது மீள்பார்வை அட்டவணை. ஒரே விஷயம் இரண்டு நாள் கழித்து, பிறகு ஐந்து நாள் கழித்து, பிறகு ஒன்பது நாள் கழித்து என்று இடைவெளி கூடிக்கொண்டே போய், திரும்பத் திரும்ப நம்மைக் கேள்வி கேட்க வேண்டும். அந்த அட்டவணையை ஒரு பி.பி.டி.யிலிருந்து எப்படிக் கறந்தெடுப்பது என்பதை இந்த நர்ஸின் பயிற்சியை வைத்தே பார்க்கலாம். வங்கி, ஆலை, கால் சென்டர் என்று எந்தப் பயிற்சியாக இருந்தாலும் வேலை இதேதான்.

முதலில், இடைவெளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத் தானே சோதித்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. பயிற்சியாளர்கள் பலர் அந்த வளைகோட்டைத் திரையில் போட்டு, ‘ஒரு வாரத்தில் இத்தனை சதவீதம் மறந்துவிடுவீர்கள்’ என்று பயமுறுத்துவார்கள். அது சரியில்லை. அவர் படித்தது அர்த்தமற்ற அசைகள்; நர்ஸ் படிப்பது தினமும் கையால் செய்யும் வேலை. சதவீதத்தை விட்டுவிட்டு, வளைகோட்டின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: ஆரம்பத்தில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும், போகப் போக இடைவெளி விடலாம்.

இடைவெளி எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரான பதில் 2008இல் வந்தது. நிக்கோலஸ் செபேடாவும் சகாக்களும் 1,350 பேருக்கு மேற்பட்டவர்களுக்குச் சில துணுக்குத் தகவல்களைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளியில் ஒரு முறை மீள்பார்வை செய்யவைத்து, பிறகு சோதித்தார்கள். மீள்பார்வைக்கு 35 நாள் கழித்துச் சோதித்தபோது, 11 நாள் இடைவெளி விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். 350 நாள் கழித்துச் சோதித்தபோது 21 நாள் இடைவெளி நன்றாக இருந்தது. எல்லாருக்கும் பொதுவான மந்திர எண் எதுவும் இல்லை. எத்தனை நாள் ஞாபகத்தில் இருக்க வேண்டுமோ, அதைப் பொறுத்து இடைவெளி மாறும். ஆகவே அட்டவணை போடுகிறவர் முதலில் குறிக்க வேண்டியது கடைசித் தேதியைத்தான்.

நம் நர்ஸுக்கு ஜூன் 2 திங்கட்கிழமை பயிற்சி. ஜூலை 2 புதன்கிழமை தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

பி.பி.டி.யைத் திறந்ததும் முதல் வேலை கழித்துக்கட்டுவது. வரவேற்பு, மருத்துவமனை வரலாறு, நிர்வாக அமைப்பின் படம், ‘இன்றைய நிகழ்ச்சி நிரல்’, நடுவில் வரும் கார்ட்டூன், கடைசியில் ‘நன்றி’ என எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தெரியாவிட்டால் வார்டில் ஏதாவது தப்பாகப் போகுமா? ‘இல்லை’ என்றால் அந்த ஸ்லைடு அட்டவணைக்குள் வராது. நம் உதாரணத்தில் 54இல் 31 மிஞ்சுகிறது.

அடுத்ததுதான் உண்மையான உழைப்பு. மிஞ்சிய ஸ்லைடுகளைக் கேள்விகளாக உடைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, ‘ஜூன் 10: ஸ்லைடு 12 முதல் 17 வரை’ என்று எழுதி வைப்பவர்கள்தான் அதிகம். அன்றைக்கு அவர் என்ன செய்வார்? ஸ்லைடைத் திறந்து வாசிப்பார். எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் தெரிந்த மாதிரிதான் ஆபத்து. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இடைவெளி விட்டு வாசிப்பதைவிட, இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுப்பதுதான் வேலை செய்கிறது. அதற்குக் கேள்வி வேண்டும்.

ஒரே ஒரு ஸ்லைடை எடுத்து உடைத்துப் பார்ப்போம். கழிவுப் பிரிப்பு ஸ்லைடு. 2016ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறம், ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய பொருள்கள். மொத்தமும் ஒரே அட்டவணையாக, எட்டடி தள்ளி உட்கார்ந்தால் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும். இதிலிருந்து ‘நான்கு நிறப் பெட்டிகளையும் அவற்றில் போட வேண்டியவற்றையும் கூறுக’ என்று ஒரு கேள்வி எடுத்தால் அது பள்ளிக்கூடக் கேள்வி. பதிலில் பாதி வரும், பாதி வராது. சரி என்று போடுவதா, தப்பு என்று போடுவதா தெரியாது. வார்டில் அந்த வரிசையில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஊசி போட்டு முடித்துவிட்டு நிற்கும் புதுப் பெண்ணிடம் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்பது இப்படித்தான் இருக்கும்:

“ஊசியை கட் பண்ணிட்டே. சிரிஞ்சை எங்கம்மா போடுவே?”

“சிவப்புல, சிஸ்டர்.”

“ஊசி?”

“வெள்ளை டப்பாவுல.”

“ஆம்பூல் உடைஞ்சிருக்கு பாரு, அது?”

“நீலம், சிஸ்டர்.”

“ரத்தம் ஏத்தி முடிச்ச பை?”

நாலாவது கேள்வியில் பலர் தடுமாறுவார்கள். குளுக்கோஸ் ஏற்றும் டியூப், சிறுநீர்ப் பை, கையுறை எல்லாம் சிவப்பு. ரத்தப் பையும் பிளாஸ்டிக்தானே என்று சிவப்பில் போடத் தோன்றும். ஆனால் ரத்தம் மிச்சமிருக்கும் பை மஞ்சளுக்குரியது. அதேபோலக் கண்ணாடிக் குப்பி என்றால் நீலம்தான். ஆனால் புற்றுநோய் மருந்து பட்ட குப்பி நீலத்தில் போகக் கூடாது, மஞ்சள் வகையில் தனி அடையாளத்தோடு போக வேண்டும். இப்படி விதியை மீறுவது போலத் தெரிகிற இடங்களுக்குத் தனித்தனிக் கேள்வி எழுத வேண்டும். ஒரு பொருள், ஒரு கேள்வி, ஒரே பதில். இந்த ஸ்லைடிலிருந்து மட்டும் 14 கேள்விகள் வரும். அதே பி.பி.டி.யில் ஒரு கேள்விகூடத் தராத ஸ்லைடும் இருக்கும். ஸ்லைடு எண்ணிக்கையை வைத்து நாளைப் பங்கிடுவது ஏன் உதவாது என்பது இங்கேதான் தெரியும்.

உடைக்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்லைடில் இருக்கும் ஓட்டைகள் வெளியே வரும். ஊசிக் குத்து பற்றிய ஸ்லைடைப் பாருங்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்; பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது; எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று இருக்கும். இவற்றைக் கேள்வியாக்குவது சுலபம். அதற்கு நடுவே ‘உரிய பொறுப்பாளரிடம் உடனே தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். ‘ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் எந்த எண்ணுக்குப் போன் செய்வாய்?’ என்று அதைக் கேள்வியாக்கிப் பாருங்கள். பதில் ஸ்லைடில் இருக்காது. பயிற்சியாளர் வாயால் சொல்லியிருப்பார், அல்லது அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஸ்லைடு என்பது பேசுகிறவருக்கு உதவ எழுதப்படுவது. பாதி விஷயம் அவர் வாயில்தான் இருக்கும். பதில் இல்லாத கேள்விகளைத் தனித் தாளில் எழுதி, அடுத்த நாளே கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் விட்டால் அவர் என்ன சொன்னார் என்பது நமக்கும் மறந்துவிடும்.

இப்படி 31 ஸ்லைடும் 60 கேள்விகளாகி, ஆறு கட்டுகளாகப் பிரிகிறது: கழிவுப் பிரிப்பு 14, ஊசிக் குத்து 8, இதய மீட்பு 10, தீ விபத்து 8, கை சுத்தம் 10, நோயாளி அடையாளம் 10. இவற்றில் எது முதலில்? பி.பி.டி.யில் வந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. கை சுத்தமும் நோயாளி அடையாளமும் வார்டில் ஒரு நாளைக்குப் பல தடவை செய்கிற வேலை; வேலையே அவற்றை நினைவூட்டும். தீ விபத்தும் ஊசிக் குத்தும் அபூர்வமாக வரும், வரும்போது யோசிக்க நேரம் தராது. அபூர்வமானவற்றை முதலில் தொடங்குவதே நல்லது. கழிவுப் பிரிப்பு தினசரி வேலைதான் என்றாலும் எண்ணிக்கை அதிகம், குழப்பமும் அதிகம். அதையும் முதலில் சேர்க்கலாம்.

இடைவெளிக்கு 2, 5, 9 என்று எடுத்துக்கொள்வோம். அதாவது தொடங்கிய நாள், அதிலிருந்து 2 நாள் கழித்து, பிறகு 5 நாள் கழித்து, பிறகு 9 நாள் கழித்து. ஒரு மாதத் தேர்வுக்கு இது பொருந்தும். இது அறிவியல் விதி அல்ல, அனுபவக் கணக்குதான். 1, 6, 10 என்று போட்டாலும் வானம் இடிந்து விழாது. இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும், கடைசி மீள்பார்வை தேர்வுக்கு முந்தின நாளில் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற இரண்டும்தான் முக்கியம்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் A பத்தியில் கட்டின் பெயர், B பத்தியில் கேள்வி எண்ணிக்கை, C பத்தியில் தொடங்கும் தேதி. மீதியை அதுவே போட்டுவிடும்:

```
D2: =C2+2
E2: =D2+5
F2: =E2+9
I2: =SUMPRODUCT(($C$2:$F$7=H2)*$B$2:$B$7)
```

H பத்தியில் ஜூன் 3 முதல் ஒவ்வொரு தேதியாக எழுதி, கடைசிச் சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால், எந்தத் தேதியில் எத்தனை கேள்வி விழுகிறது என்று I பத்தி காட்டும். இந்தச் சுமைப் பத்தி இல்லாமல் அட்டவணை போடக் கூடாது. ஏன் என்றால், கழிவும் ஊசிக் குத்தும் ஜூன் 3, இதய மீட்பும் தீயும் ஜூன் 4, கை சுத்தமும் அடையாளமும் ஜூன் 5 என்று ஆசையாக வரிசைப்படுத்தினால், ஜூன் 5 எதிரே 42 என்று வந்து நிற்கும். கழிவு, ஊசிக் குத்தின் இரண்டாம் சுற்று 22, புதிதாகத் தொடங்குவது 20. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர் 42 கேள்விக்கு உட்கார மாட்டார். அன்றைக்கு விடுவார், அடுத்த நாளும் விடுவார், அத்தோடு அட்டவணை முடிந்தது. இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவது முதல் வாரத்தின் நெரிசலில்தான். எனவே கடைசி இரண்டு கட்டுகளை ஜூன் 7 சனிக்கிழமைக்குத் தள்ளுகிறோம். அவை தினசரி வேலையில் வருபவை என்பதால் தள்ளினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இப்போது அட்டவணை இப்படி வரும்:

ஜூன் 3, செவ்வாய்: கழிவு, ஊசிக் குத்து (22)
ஜூன் 4, புதன்: இதய மீட்பு, தீ (18)
ஜூன் 5, வியாழன்: கழிவு, ஊசிக் குத்து (22)
ஜூன் 6, வெள்ளி: இதய மீட்பு, தீ (18)
ஜூன் 7, சனி: கை சுத்தம், அடையாளம் (20)
ஜூன் 9, திங்கள்: கை சுத்தம், அடையாளம் (20)
ஜூன் 10, செவ்வாய்: கழிவு, ஊசிக் குத்து (22)
ஜூன் 11, புதன்: இதய மீட்பு, தீ (18)
ஜூன் 14, சனி: கை சுத்தம், அடையாளம் (20)
ஜூன் 19, வியாழன்: கழிவு, ஊசிக் குத்து (22)
ஜூன் 20, வெள்ளி: இதய மீட்பு, தீ (18)
ஜூன் 23, திங்கள்: கை சுத்தம், அடையாளம் (20)
ஜூன் 30, திங்கள்: கடைசிச் சுற்றில் தவறியவை மட்டும்

ஞாயிறு எதுவும் இதில் இல்லை. அது தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் காலியாகவே வைத்துக்கொள்வது நல்லது. விட்டுப்போனதைப் பிடிக்க ஓர் இடம் வேண்டும். ஒரு கேள்விக்கு 25 வினாடி என்றால் 240 பதில்களுக்கும் சேர்த்து ஒரு மாதத்தில் மொத்தம் 100 நிமிடம். ஒவ்வொரு கட்டையும் தொடங்கும் நாளில் மட்டும் ஸ்லைடை ஒரு முறை வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போக வேண்டியிருப்பதால் சற்று அதிகம் ஆகும்.

உட்காரும்போது கேள்விகளைக் கலைத்துப் போட வேண்டும். வரிசையாகக் கேட்டால், ‘சிவப்புக்கு அடுத்தது வெள்ளை’ என்று வரிசைதான் ஞாபகமாகும். பதிலைத் தாளைத் திருப்பும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லது எழுத வேண்டும். மனதுக்குள் ‘தெரியும் தெரியும்’ என்று தலையாட்டிவிட்டுத் திருப்பினால் அது மறுபடி வாசிப்பாகவே போய்விடும். தவறிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அது எந்தக் கட்டாக இருந்தாலும் அடுத்து உட்காரும் நாளில் சேர்த்துக் கேட்க வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் அட்டைப்பெட்டியில் தடுப்புகள் வைத்துப் பிரபலப்படுத்திய முறையின் சாரம் இவ்வளவுதான்: சரியாகச் சொன்ன அட்டை பின் தடுப்புக்குப் போகும், தவறியது முன் தடுப்புக்குத் திரும்பும். இன்றைய அங்கி போன்ற செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தேதி போட்டு இதையே நுணுக்கமாகச் செய்கின்றன. நூறு, இருநூறு கேள்விக்கு மேல் போனால் செயலி வசதி. அறுபதுக்குத் தாள் போதும். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பார்க்கலாம்.

ஒரே கேள்விக்கு மூன்று புள்ளி விழுந்தால் குறை பெரும்பாலும் கேள்வியிடம் இருக்கும். ‘கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் எவை?’ என்பது அப்படிப்பட்ட கேள்வி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த ஐந்து: நோயாளியைத் தொடுவதற்கு முன், கிருமி நீக்கிய செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ளவற்றைத் தொட்ட பின். ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டால் ஏதாவது ஒன்று நழுவும், பெரும்பாலும் கடைசி. அதை உடைத்து, ‘நோயாளியைத் தொடவில்லை, கட்டில் கம்பியை மட்டும் நகர்த்தினாய், கை சுத்தம் தேவையா?’ என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

ஒரு நாள் விட்டுப்போனால்? ஜூன் 6 அன்று இரட்டை டியூட்டி, உட்காரவே முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் சேர்த்துப் பார்த்தால் 38 ஆகிவிடும். அதனால் ஞாயிறு 8ஆம் தேதிக்கு மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் உண்மையில் படித்த தேதியை எழுதினால் அடுத்தவை தாமாகவே 13, 22 என்று நகரும். 22 ஞாயிறு என்பதால், ஒரு நாள் முன்னால் இழுத்து 21இல் வைத்துக்கொள்ளலாம். ஒன்பது நாள் இடைவெளி எட்டாவதால் ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் இடைவெளி ஏழாவதுதான் வலிக்கும். விட்டே தீர வேண்டிய நாள் வந்தால், முதல் வாரத்து நாளைக் காப்பாற்றி, மூன்றாம் வாரத்து நாளை விட்டுக்கொடுங்கள்.

இந்த முறைக்கு எட்டாத இடமும் உண்டு. இதய மீட்புக் கட்டில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற எண்களைக் கேள்விகள் காப்பாற்றும். ஐந்து சென்டிமீட்டர் அழுத்துவது எப்படி இருக்கும் என்பது தோளுக்கும் உள்ளங்கைக்கும்தான் தெரியும். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். திறமையோ சில மாதங்களிலேயே தேய ஆரம்பிக்கிறது என்பதை அந்தச் சங்கமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஜூன் 11, ஜூன் 20 இரண்டிலும் கேள்வியோடு ‘பொம்மையில் இரண்டு நிமிடம்’ என்றும் எழுத வேண்டும். தீயணைப்பான் பின்னை இழுப்பதும் அப்படியே. செய்து பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிப் பார்த்துவிட்டு டிக் அடிப்பதுதான் இந்த அட்டவணைகளில் நான் கண்ட மிக மோசமான ஏமாற்று.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த முறை நடக்கும்போது நன்றாகப் படிக்கிற உணர்வே வராது. ஆலன் பேட்லியும் லாங்மனும் பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்து ஆராய்ந்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி பெற்றவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பெற்றவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றார்கள். ஆனால் பயிற்சி முறை பிடித்திருக்கிறதா என்று கேட்டால், அதிருப்தி அதிகம் இருந்தது அந்த ஒரு மணி நேரக்காரர்களிடம்தான். நம் அட்டவணையிலும் ஜூன் 10 அன்று இப்படித்தான் இருக்கும். ஐந்து நாளுக்கு முன் சரளமாகச் சொன்ன பதில்கள் தொண்டையில் நிற்கும், 22இல் ஆறேழு தவறும். அதைப் பார்த்து மனசு விட்டுப்போய், தினமும் ஸ்லைடை வாசிக்கிற பழைய வழிக்குத் திரும்புவார்கள். அவ்வளவு தவறுவது அந்த நாளுக்கு எதிர்பார்க்க வேண்டியதுதான். கவலைப்பட வேண்டியது, ஜூன் 19 அன்றும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறினால். அப்போது அந்தக் கட்டை மட்டும் 21ஆம் தேதி மறுபடி வைத்து, 28இல் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு கேள்விகூடத் தவறவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்: கேள்விகள் மிகச் சுலபமாக இருக்கின்றன, அல்லது இடைவெளி தேவைக்கு மேல் குறைவாக இருக்கிறது.

ஜூலை 2 தேர்வோடு அட்டவணையை மூடிவிட முடியாது. ஊசி குத்தும் நாள் தேர்வு நாளைக் கேட்டுக்கொண்டு வராது. அதற்குப் பிறகு வேலை குறைவுதான்: ஜூலைக் கடைசியில் ஒரு சுற்று, அக்டோபரில் ஒன்று, புத்தாண்டு முடிந்து ஒன்று. 60 கேள்வியையும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. கை சுத்தம் போன்றவை வேலையிலேயே ஊறிப்போயிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, அபூர்வமாக வருபவற்றை மட்டும் வைத்தால் 30க்குள் அடங்கிவிடும். மருத்துவமனை புது பி.பி.டி. வெளியிட்டால், முழுவதையும் மறுபடி உடைக்காமல், மாறிய ஸ்லைடுகளின் கேள்விகளை மட்டும் திருத்தி, அந்தக் கேள்விகளுக்கு மட்டும் 2, 5, 9 என்று புதுத் தேதி போட வேண்டும். பழைய பதிலைக் கிழித்துப் போடுவதும் அவசியம். இத்தனை தடவை கேட்டுப் பதிய வைத்த பழைய எண் சுலபத்தில் போகாது; அவசரத்தில் கை அந்த எண்ணுக்குத்தான் போகும்.

இதெல்லாம் ஒவ்வொரு புது நர்ஸும் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையே இல்லை. கேள்வி உடைக்க ஒரு முழு ஞாயிறு போகும். இருபது பேர் சேர்ந்தால் இருபது ஞாயிறு. பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பி.பி.டி.யைக் குழுவில் போடும்போது, கேள்வித் தாளையும் அந்தப் பதிமூன்று தேதிகளையும் சேர்த்தே போடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் அதையும் நீங்களே விசாரித்து நிரப்பிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண் என்பது உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.